மேசைமேல் வைத்த கேம்பேட்

அம்மா இறந்து நான்கு மாதம் ஆகிறது. மருத்துவமனையில் படிவம் நிரப்பிய எழுத்தர், 'தொழில்' என்ற இடத்தில் என்னைக் கேட்காமலேயே 'இல்லத்தரசி' என்று எழுதிவிட்டார். அடித்துத் திருத்தச் சொன்னேன்.

"என்னன்னு போடணும்?"

"வீடியோ கேம் சோதனையாளர்."

அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். துக்கத்தில் உளறுகிறான் என்று நினைத்திருக்கலாம். நான் உளறவில்லை. அம்மா ஐம்பத்திரண்டு வயதில் அந்த வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் செய்தார். அதில் முதல் மூன்று மாதத்தின் கடைசி வாரத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு தானாக நடந்தது.

அதற்கு முன் இருபத்தோரு வருடம் அம்மா கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் இருந்தார். வேலை, பார்ப்பது. வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் ஓடும் பட்டையில் பாட்டில்கள் வரிசையாகப் போகும். குமிழி, கீறல், கோணல் கழுத்து இருந்தால் கையால் எடுத்துவிட வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது. மேற்பார்வையாளரிடம் தூக்கிக் காட்டி, குறை இருக்கும் இடத்தில் விரலை வைக்க வேண்டும். 'சந்தேகமா இருக்கு' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. பாட்டிலைக் காட்டு, அவ்வளவுதான்.

பிறகு அந்த இடத்தில் ஒரு கேமராவை மாட்டினார்கள். பெட்டி தூக்கக்கூடியவர்களைப் பொதி கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். அதற்கு முன் ஒரு மருத்துவப் பரிசோதனை. "கை வலி ஏதாவது உண்டா?" என்று மருத்துவர் கேட்டார். அம்மா இருக்கிறது என்றார். வலது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டிருந்தது. எதையாவது பத்து நிமிடம் இறுக்கிப் பிடித்தால் விரல்கள் மரத்துப்போகும். உண்மையைச் சொன்னவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். "தலைவலின்னு சொல்லியிருக்கலாம். தலையால பெட்டி தூக்கறதில்லையே" என்று பின்னால் சிரித்துக்கொண்டே சொல்வார். முதல் ஒரு வருடம் சிரிக்கவில்லை.

நான் வேலை பார்த்தது, இப்போதும் பார்ப்பது, ஆறு பேர் கொண்ட ஒரு சின்ன நிறுவனம். பல் மருத்துவமனைக்கு மேலே இரண்டு அறை. கீழே பல்லைக் குடையும் சத்தம் மேலே கேட்கும். மேலே நாங்கள் கத்துவது கீழே கேட்கும். நடத்துபவரை எல்லோரும் சீஃப் என்போம். என்னைவிட இரண்டு வயது மூத்த பெண். படம் வரைபவனுக்குப் பெயர் பொம்மை. பொம்மை போடுகிறவன் என்பதால் வந்தது. நான் நிரல் எழுதுகிறவன்.

ஒரு நாள் வீட்டுச் சாவியை மறந்து வந்துவிட்டேன். அதைக் கொடுக்க அம்மா மாடியேறி வந்தார். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னோம். எதிரே பொம்மையின் திரையில் எங்கள் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது: துறைமுகத்தில் ஒரு கிழட்டு இழுவைப் படகு, பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுக்கும். அம்மா டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"தம்பி, அந்தக் கப்பல் நிழல் தண்ணில ஒரு தடவ வருது, ஒரு தடவ வரலையே. அப்படித்தானா?"

பொம்மை பார்த்தான். எங்களில் ஒருவரும் இரண்டு மாதமாக அதைக் கவனிக்கவில்லை. சீஃப் நாற்காலியைத் திருப்பினார்.

"அக்கா, உங்களுக்கு வேற என்னென்ன கண்ணுல படுது?"

நான்கு சொன்னார். மறுவாரம் சோதனை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று மாதம் பார்ப்பது, பிறகு நிரந்தரமா இல்லையா என்று முடிவு செய்வது என்று ஏற்பாடு.

முதல் நாள் காலையில் தெருமுனையில் வைத்து அம்மாவிடம் சொன்னேன். "கை வலிய பத்தி அங்க யார்கிட்டயும் சொல்லாத."

"கேட்டா?"

"கேக்க மாட்டாங்க. கேட்டாலும் சொல்லாத."

"சரி, டெவலப்பர் சார்" என்றார்.

அலுவலகத்தில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். மகனுக்குச் சலுகை, அம்மாவுக்குச் சலுகை என்று யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதற்காக. மற்றவர்களுக்கு அவர் அக்கா. எனக்கு மட்டும் அம்மா. விளையாட்டில் கண்ட பிழைகளை, எங்கள் பேச்சில் 'பக்'குகளை, அவர் எழுதி அனுப்பும் குறிப்புகளிலும் நான் டெவலப்பர் சார்தான்.

மூன்றாவது மாதத்தில், இரண்டு கையாலும் பிடித்து விளையாடும் கருவியான கேம்பேடிலும் விளையாட்டை ஓட வைக்கும் வேலையைத் தொடங்கினோம். அதுவரை விளையாட்டு கீபோர்டிலும் மௌஸிலும்தான் ஓடியது. அடுத்து வந்த விளையாட்டுக் கண்காட்சியில் எங்களுக்கு ஒரு கடை ஒதுக்கியிருந்தார்கள். அங்கே வருகிறவர்கள் கேம்பேடைத்தான் முதலில் எடுப்பார்கள். என் பட்டியலில் மூன்று வேலைகள் இருந்தன.

முதலாவது, கேம்பேடில் கட்டைவிரலால் தள்ளும் குச்சியையும் பட்டன்களையும் படிப்பது. பழைய கேம்பேடில் குச்சி சும்மா இருக்கும்போதும் நடுவில் சரியாக நிற்காது. சிறிது சாய்ந்தே இருக்கும். அந்தச் சிறு சாய்வைக் கணக்கில் எடுக்காமல் விட வேண்டும். இல்லாவிட்டால் யாரும் தொடாமலே படகு நகரும்.

இரண்டாவது, அதிர்வு. கேம்பேடுக்குள் இரண்டு மோட்டார்: ஒன்று பெரியது, கனமாக உதறும், மற்றது சிறியது, சன்னமாக நடுங்கும். படகின் எஞ்சினுக்குச் சிறியது, கயிறு விறைக்கும்போது பெரியது என்று வைத்தேன்.

மூன்றாவது, திரையில் காட்டும் குறிப்பு. கீபோர்டிலோ மௌஸிலோ விளையாடினால் 'கயிறு கட்ட ஈ விசை' என்று காட்ட வேண்டும். கேம்பேடை எடுத்தவுடன் அதே இடத்தில் ஏ பட்டனின் படம் வர வேண்டும். விளையாடுகிறவர் எங்கும் போய் மாற்றக் கூடாது. கடைசியாக எதைத் தொட்டாரோ அதைப் பார்த்து விளையாட்டே மாற்றிக்கொள்ள வேண்டும். பொம்மை எல்லாப் பட்டன்களுக்கும் படம் வரைந்தான். ஒரு வகைக் கேம்பேடுக்கு எழுத்துகள், இன்னொரு வகைக்கு வட்டம், சதுரம். "ஒரு பட்டனுக்கு எத்தனை வேஷம்டா" என்று அலுத்துக்கொண்டான்.

முதல் நாளே அம்மா ஒரு குறிப்பு எழுதினார். "விளையாட்டை நிறுத்தி மெனுவுக்குப் போனால் படகு நிற்கிறது. கேம்பேட் மட்டும் இன்னும் உதறுகிறது." சரிதான். மோட்டாருக்கு ஒரு வேகத்தைச் சொன்னால், பூஜ்யம் என்று திரும்பச் சொல்லும்வரை அது ஓடும். மெனு திறக்கும்போது பூஜ்யம் சொல்ல நான் மறந்திருந்தேன். திருத்தினேன். மௌஸுக்கு மாறினாலும் மோட்டார் நிற்கும்படி சேர்த்துக்கொண்டேன். கையில் இல்லாத கருவி எதற்கு உதற வேண்டும்?

திங்கட்கிழமை அடுத்த குறிப்பு வந்தது. "கயிறு விறைக்கும்போது பட்டன் படம் மின்னுகிறது. ஏ, ஈ, ஏ, ஈ என்று மாறி மாறி வருகிறது. அதிர்வும் விட்டு விட்டு வருகிறது."

முயன்று பார்த்தேன். எனக்கு வரவில்லை. 'மறுபடி நிகழவில்லை' என்று எழுதி மூடினேன்.

செவ்வாய்க்கிழமை அதே குறிப்பு, திரும்பத் திறந்து. இந்த முறை அவருடைய கணினியின் லாக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். எந்த நொடியில் எந்தக் கருவி தொடப்பட்டது என்று அதில் வரிவரியாக இருக்கும். கேம்பேட். மௌஸ் அசைவு. கேம்பேட். மௌஸ் அசைவு. விஷயம் முடிந்தது. மௌஸ் அசைந்திருக்கிறது, அசைந்ததால் விளையாட்டு மௌஸுக்கு மாறியிருக்கிறது. 'சோதிப்பவரின் கை மௌஸில் பட்டிருக்கிறது' என்று எழுதி மூடினேன். எழுதும்போது என் அம்மா என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

புதன்கிழமை மூன்றாவது முறை திறந்திருந்தார். சீஃப் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமையோட மூணு மாசம் முடியுது. அக்கா நல்லாத்தான் பாக்கறாங்க. ஆனா இந்த மாதிரி வராத பக்குக்கு ஒவ்வொரு தடவையும் அரை நாள் போகுது. கண்காட்சிக்கு ஒன்பது நாள்தான் இருக்கு. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல."

"நான் பேசறேன்."

"நீ பேசாத. வா, சேர்ந்து பாக்கலாம்."

அம்மாவின் இடம் மூலையில், சுவரைப் பார்த்து. குறுகிய பலகை மேசை. ஒரு கால் குட்டை. அதற்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருந்தோம். பொம்மையையும் சேர்த்து நாங்கள் மூவரும் பின்னால் போய் நின்றோம். அம்மா கேம்பேடைக் கையில் எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து, கட்டைவிரலைக் குச்சியில் வைத்து விளையாடத் தொடங்கினார். கயிறு கட்டினார். படகு கப்பலை இழுத்தது. கயிறு விறைத்தது. ஏ பட்டன் படம் அசையாமல் நின்றது.

"இன்னொரு தடவ" என்றார் அம்மா.

பத்து நிமிடம். ஐந்து கப்பல். ஒன்றும் மின்னவில்லை. அம்மாவுக்குக் கழுத்தோரம் வியர்த்திருந்தது. மணிக்கட்டு எந்த நிலையில் இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. அப்போது நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, கை பட்டிருக்கும்" என்றேன். "லாக் பொய் சொல்லாது."

"நான் சொல்லுவேனா?"

"பொய்ன்னு சொல்லல. தெரியாம பட்டிருக்கும்."

"இருபத்தோரு வருஷம் ஓடற பட்டைக்குப் பக்கத்துல கைய வெச்சிருந்தேன் டெவலப்பர் சார். என் கை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

பொம்மை தரையைப் பார்த்தான். சீஃப், "நாளைக்கு ஒரு தடவ பாப்போம் அக்கா" என்று சொல்லிப் போய்விட்டார். அந்தக் குரலில் முடிவு பாதி வந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அம்மாவுக்கும்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். அம்மா சமையலறையில் விளக்கைப் போட்டு, பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றிக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் வெங்காயம் நறுக்கினேன்.

"பாட்டில்னா நல்லது" என்றார். "எடுத்துக் காட்டிரலாம். கீறல் எங்கயும் ஓடிப் போகாது. இது என்னடா, ஆள் வந்தா ஒளிஞ்சுக்குது?"

"நீ ஆள் இல்லாதப்ப என்ன செய்வியோ அதே மாதிரி செய்யணும். வேற எதாவது மாத்துறியா?"

நான் வெங்காயத்தை விட்டுத் திரும்பினேன். அம்மா தண்ணீருக்குள் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்துறேன்" என்றார்.

"என்ன?"

"யாரும் இல்லன்னா கையில பிடிக்க மாட்டேன். மேசைல வெச்சுப்பேன். மேலேர்ந்து விரலால தட்டுவேன், பியானோக்காரி மாதிரி. யாராவது வந்தா தூக்கிப் பிடிச்சுக்குவேன். நீதானே சொல்லாதன்ன."

கத்தி கையிலேயே இருந்தது. ஒரு நிமிடம் எனக்கு விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. மேசையில் வைத்த கேம்பேட் உதறினால் மேசை நடுங்கும். மேசை நடுங்கினால் அதன் மேலிருக்கும் மௌஸ் நடுங்கும். மௌஸின் அடியில் இருக்கும் சிறு கண், தான் நகர்ந்ததா மேசை நகர்ந்ததா என்று பார்க்காது. அசைவு என்று சொல்லும். நான் எழுதியிருந்த விதி, மௌஸ் துளி அசைந்தாலும் மௌஸுக்கு மாறு. மாறியதும் மோட்டார் நின்றுவிடும். அம்மாவின் விரல் குச்சியைத் தள்ளிக்கொண்டிருப்பதால் அடுத்த கணமே திரும்பக் கேம்பேடுக்கு மாறும். மோட்டார் ஓடும். மேசை நடுங்கும். ஏ, ஈ, ஏ, ஈ.

"லாக் சொன்னது சரிதான்" என்றேன். "மௌஸ் அசைஞ்சிருக்கு."

"நானும் அததான் சொன்னேன். நான் அசைக்கல."

"நாளைக்கு நான் சொல்லிக்கறேன். என் மேசையில வெச்சுப் பாத்தேன்னு சொல்றேன். உன் கைய பத்தி யாருக்கும் தெரிய வேண்டாம். உன் பேர்லயே பக் இருக்கும்."

அம்மா கையை எடுத்துத் துடைத்தார். மெதுவாக, ஒவ்வொரு விரலாக.

"அப்ப அந்தப் பாட்டில நீ காட்டுவ. நான் பொய் சொன்னேனா, தெரியாம கை பட்டுச்சா, அது அப்படியே நிக்கும்."

"வேலை போயிரும்மா."

"போச்சுன்னா ரெண்டாவது தடவ. பழக்கம்தானே" என்றார். சிரிக்க முயன்றார். வரவில்லை. அந்த வேலை அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அன்றுதான் பார்த்தேன். காலையில் என்னைவிட முன்னால் தயாராகி வாசலில் நிற்பார். நான் அதை வெறும் வழக்கம் என்று நினைத்திருந்தேன்.

வியாழக்கிழமை காலை, எல்லோரும் வந்ததும், அம்மாவே சீஃபின் மேசைக்குப் போனார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் வரீங்களா? அந்த பக்கைக் காட்டறேன்."

கூட்டம் கூடியது. ஆறு பேரும் நின்றோம். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேம்பேடைக் கையில் எடுத்தார், எல்லோரும் பார்க்கும்படி. பிறகு மேசைமேல் வைத்தார். இடது ஆள்காட்டி விரலைக் குச்சியின் மேல் வைத்தார். வலது கை விரல்கள் பட்டன்கள் மேல்.

"எனக்கு மணிக்கட்டு சரியில்ல" என்றார். "இறுக்கிப் பிடிச்சா பத்து நிமிஷத்துல மரத்துரும். அதனால நான் இப்படித்தான் ஆடுவேன். நீங்க வந்தா மட்டும் கையில பிடிப்பேன். அதான் உங்களுக்கு வரல."

கப்பலுக்குக் கயிறு கட்டினார். கயிறு விறைத்தது. கேம்பேட் பலகைமேல் தேனீக் கூடு மாதிரி இரைந்தது. திரையில் படம் மின்னத் தொடங்கியது. ஏ, ஈ, ஏ, ஈ, நொடிக்கு ஏழெட்டு முறை.

"அட!" என்றான் பொம்மை.

அம்மா அதோடு விடவில்லை. மௌஸைத் தூக்கிப் பக்கத்திலிருந்த நாற்காலியில் வைத்தார். மீண்டும் கயிறு. படம் அசையாமல் நின்றது. மௌஸை மேசைக்கு எடுத்தார், மின்னியது. நாற்காலிக்கு, நின்றது. கடைசியாக மேசைமேல் வைத்து, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, பொம்மையிடம் சொன்னார்: "தம்பி, நீ விரல வை. என் கை இங்க இருக்கு, எல்லாரும் பாருங்க."

அவன் விரலை வைத்தான். மின்னியது.

கீழே பல் மருத்துவரின் யந்திரம் மட்டும் ஓடியது. சீஃப் அம்மாவின் கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா அக்கா, கை?"

"மூணு வருஷம்."

"சேரும்போதே சொல்லியிருக்கலாமே."

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "தோணல" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். "நான்தான் சொல்ல வேண்டாம்னு..."

"டெவலப்பர் சார், நீங்க முதல்ல மௌஸப் பாருங்க" என்றார் அம்மா. பொம்மை பொத்துக்கொண்டு சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சீஃப் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"கண்காட்சில கடைக்குக் குடுக்கறது இதவிடக் குறுகலான மேசை. ஒரே மேசையில கேம்பேடும் இருக்கும், மௌஸும் இருக்கும். வரவங்க பாதி ஆட்டத்துல கேம்பேட மேசைல வெச்சுட்டு நண்பன்கிட்ட பேசுவாங்க. அங்க போய் இது மின்னியிருந்தா?" அதற்கு மேல் சொல்லவில்லை. "அக்கா, மேசையில வெச்சு ஆடறது தவிர வேற எப்படியெல்லாம் ஆடுவீங்க?"

"மடில தலகாணி வெச்சு. வலி ஜாஸ்தின்னா ஒரே கையால."

"அது எல்லாத்தையும் எழுதுங்க. நாங்க மாத்தித் தர்ற எல்லா பில்ட்டுக்கும் அப்படி ஆடிப் பாக்கணும்."

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறமுமா?" என்று கேட்டார் அம்மா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மடியில் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்திருந்தது.

"அப்புறமும்தான். நாளைக்கு வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? ஆனா ஒரு நிபந்தனை அக்கா. இனிமே நான் வந்தா கையில தூக்கிப் பிடிக்கக் கூடாது. வேற மேசையும் வாங்கிக் குடுத்துடறேன்."

"மேசை வேண்டாம்மா. ஆடாத மேசையில எனக்கு என்ன தெரியப் போகுது?"

அன்று பிற்பகல் திருத்தத்தை எழுதினேன். முதலில் சுலபமான வழி: அதிர்வு ஓடும்வரை மௌஸைப் பார்க்கவே வேண்டாம். ஒரு மணி நேரத்தில் அம்மாவின் குறிப்பு வந்தது. "புயலில் அதிர்வு நிற்பதே இல்லை. அப்போது உண்மையாகவே மௌஸுக்கு மாற நினைத்தால் முடியவில்லை." நாற்காலியைத் திருப்பி என்னிடம் வாயாலும் சொன்னார்: "குமிழி போச்சு. இப்ப மூடி திறக்கல."

இரண்டாவது முறை சரியாக யோசித்தேன். நடுக்கம் இங்கும் அங்குமாக இருக்கும். புறப்பட்ட இடத்திலிருந்து கணக்குப் பார்த்தால் மௌஸ் எங்குமே போயிருக்காது. கை நகர்த்தினால் ஒரு திசையில் போகும். ஆகவே மௌஸ் துளி அசைந்ததா என்று பார்க்காமல், நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் மொத்தமாக எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கும்படி மாற்றினேன். மோட்டார் ஓடும்போதும் அது நின்றபின் சிறிது நேரம் வரைக்கும் அந்தத் தூரம் இன்னும் கூடுதலாக வேண்டும். மௌஸைச் சொடுக்கினாலோ கீபோர்டில் விசையை அழுத்தினாலோ தயக்கமில்லாமல் உடனே மாறும். எந்த நடுக்கமும் விசையை அழுத்தாது. அம்மா கேட்டபடி அதிர்வின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் அடியோடு நிறுத்தவும் மெனுவில் ஓர் இடம் வைத்தேன். "உதறல் பிடிக்கும். ஆனா கொஞ்சமா போதும்" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை குறிப்பை அவரே மூடினார். 'சரி' என்று ஒரே சொல்.

கண்காட்சியில் இரண்டு நாளும் அம்மா கடையின் பின்புறம் நின்றார். ஆட்களைப் பார்க்கவில்லை, திரையின் கீழ் ஓரத்தில் பட்டன் படம் இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தந்தை குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, கயிறு விறைத்திருக்கும்போதே கேம்பேடை அப்படியே மேசையில் போட்டார். மேசை உறுமியது. அம்மா முன்னால் குனிந்தார். படம் நின்ற இடத்தில் நின்றது. அந்தத் தந்தை குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டு ஒற்றை விரலால் ஏ பட்டனை அழுத்திக் கப்பலை விடுவித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் வேலை. அம்மா திரும்பி என் முழங்கையைத் தட்டினார். அலுவலக நேரத்தில் அவர் என்னை மகனாக நடத்தியது அந்த ஒரு முறைதான்.

அதற்குப் பிறகு மூன்று விளையாட்டு. எண்ணூறுக்கு மேல் பிழைக் குறிப்புகள். நான் 'மறுபடி நிகழவில்லை' என்று ஒன்றையும் மூடவில்லை. முதலில் அவர் பக்கத்தில் போய் உட்கார்வேன். ஒரு புதன்கிழமை மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மருத்துவமனையில் இரண்டு நாள். அதை எழுத எனக்கு இன்னும் தெரியவில்லை.

நான்கு மாதமாக அந்த மேசையில் யாரும் உட்காரவில்லை. போன வாரம் சீஃப் என்னிடம், "சோதனைக்கு ஆள் வேணும். விளம்பரம் நீயே எழுது" என்றார். முடியாது என்றேன். ஒரு நாள் கழித்து எழுதினேன். அனுபவம், வயது எதுவும் கேட்கவில்லை. பொறுமை வேண்டும், பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும் என்று போட்டேன். கடைசியில் ஒரு வரி: 'கேம்பேடை நீங்கள் எப்படிப் பிடித்தாலும் பரவாயில்லை. எப்படி என்று மட்டும் எங்களிடம் சொல்லிவிடுங்கள்.'

பதினொரு கடிதம் வந்திருக்கிறது. ஒருவர் திங்கட்கிழமை வருகிறார். முன்பு பேருந்து நடத்துநராம். இடது கை மட்டும்தான் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறார். இரண்டாவது வரியில், எங்கள் படகு விளையாட்டில் தான் கண்ட இரண்டு பிழைகள். ஒன்று எனக்குத் தெரியும். இன்னொன்றை இன்று காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை எனக்கு வரவில்லை. திங்கட்கிழமை அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும்.